கரு ‘நல்லா இருக்கு’ என்றார்கள்... பிறகும் ஐ.வி.எஃப் ஏன் தோற்கிறது? டாக்டர்கள் எங்கே தேடுகிறார்கள்?

“கரு நல்ல கிரேடுன்னுதானே சொன்னீங்க டாக்டர்... அப்புறம் ஏன் நிக்கல?”

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி என எந்த ஊர் கருத்தரிப்பு மையத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வி கேட்கும். ஒருமுறை தோற்றால் மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த முறைக்குத் தயாராகிறார்கள். இரண்டாவது, மூன்றாவது முறையும் ரத்தப் பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்தால், வீட்டில் பேச்சு மாறிவிடுகிறது. நகையை அடகு வைத்து, அறுவடைப் பணத்தைப் போட்டுச் செய்த சிகிச்சை அது. “கரு நல்லாத்தான் இருந்துச்சாம், இவளுக்குத்தான் தங்கல” என்று பழி பெரும்பாலும் பெண் மீது விழுகிறது.

உண்மையில் என்ன நடக்கிறது? நல்ல கரு ஏன் கருப்பையில் பதியவில்லை? டாக்டர்கள் எதை, எந்த வரிசையில் தேடுவார்கள்? எந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கலாம், எதற்குத் தேவையில்லை? பார்க்கலாம்.

‘நல்ல கரு’ என்றால் என்ன?

கருமுட்டையும் விந்தணுவும் ஆய்வகத்தில் சேர்ந்த ஐந்தாம் நாள், கரு ஒரு சின்னப் பந்து போல இருக்கும். இதை ‘பிளாஸ்டோசிஸ்ட்’ என்பார்கள். ஆய்வக நிபுணர் இதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து மதிப்பெண் போடுவார். அறிக்கையில் 4AA, 4AB என்று இருப்பது அதுதான். எண், கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைக் காட்டும். முதல் எழுத்து, குழந்தையாக வளரப்போகும் உள் செல்களுக்கான மதிப்பெண். இரண்டாவது எழுத்து, நஞ்சுக்கொடியாக மாறப்போகும் வெளி செல்களுக்கானது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இது முழுக்க முழுக்கத் தோற்றத்துக்கான மதிப்பெண். உள்ளே குரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் தெரியாது.

டெல்டா விவசாயிக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். குவித்து வைத்த நெல்லில் எது மணி, எது பதர் என்று பார்வையில் சொல்ல முடியாது. அதனால்தான் உப்புக் கரைசலில் விதை நெல்லைக் கொட்டி, மிதக்கிற பதரைத் தள்ளுகிறார்கள். மூழ்கிய நெல்லும் எல்லாமே முளைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. ஈரச் சாக்கில் நூறு மணியைக் கட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். கருவின் கிரேடு, நெல்லைப் பார்வையில் தேர்ந்தெடுப்பது போன்றதுதான். முளைப்புத் திறனை அது சொல்லாது.

குரோமோசோம் தவறுக்கு முக்கியக் காரணம் கருமுட்டையின் வயது. சுமார் 30 வயதுப் பெண்ணின் ஐந்தாம் நாள் கருக்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் குரோமோசோம் கோளாறு இருக்கும். 38 வயதில் இது கிட்டத்தட்ட பாதியாகிறது. 42 வயதில் நான்கில் மூன்றை எட்டுகிறது. கரு பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. இப்படிப்பட்ட கருக்களில் பெரும்பாலானவை பதியாது. பதிந்தாலும் பல ஆரம்பத்திலேயே கலைந்துவிடும்.

ஆக, ‘கரு நல்லா இருந்துச்சு, கருப்பைதான் சரியில்லை’ என்ற முடிவுக்கு உடனே போக முடியாது. தோல்விக்குப் பெரும்பாலும் காரணம், நல்லாத் தெரிந்த அந்தக் கருவுக்குள்ளேயே இருக்கிறது.

எத்தனை தோல்வி வந்தால் ‘தொடர் தோல்வி’?

‘மூணு தடவை தோத்தா பிரச்சினை’ என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே எண் பொருந்தாது. மனித இனப்பெருக்க மருத்துவத்துக்கான ஐரோப்பிய அமைப்பான எஷ்ரே, 2023-ல் வெளியிட்ட பரிந்துரையில் வேறு வழியைச் சொன்னது. அந்தப் பெண்ணின் வயதுக்கும் கருவின் தரத்துக்கும் ஏற்ப, இதுவரை வைத்த கருக்களில் ஒன்றாவது பதிந்திருக்க வேண்டிய வாய்ப்பு மொத்தமாக 60 சதவீதத்தைத் தாண்டுகிறதா? தாண்டியும் பதியவில்லை என்றால், காரணம் தேடலாம்.

கணக்கு எளிதுதான். ஒரு கரு பதிய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முறை வைத்தால், ஒன்றாவது பதியும் வாய்ப்பு 56 சதவீதம். மூன்று முறை வைத்தால் 70 சதவீதம். மூன்றாவது தோல்வியில்தான் எல்லை தாண்டுகிறது. 40 வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஒவ்வொரு கருவுக்கும் 15 சதவீத வாய்ப்பு என்றால், எல்லையைத் தொட ஆறு கரு தேவை.

இதையே திருப்பிப் பாருங்கள். எந்தக் குறையும் இல்லாத, மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள பத்துப் பெண்களில் மூன்று பேருக்கு, மூன்று முறையும் தோல்விதான் வரும். அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. வாய்ப்பு அமையவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கரு வைத்து 10 முதல் 14 நாளில் எடுக்கும் பீட்டா எச்.சி.ஜி பரிசோதனை ஒருமுறைகூட பாசிட்டிவ் ஆகவில்லை என்றால் அது பதியாமை. பாசிட்டிவ் வந்து, பிறகு கலைந்தால் அது கருச்சிதைவு. இரண்டுக்கும் தேடும் பாதை வேறு. அதனால் ‘மூணு தடவையும் ஃபெயில்’ என்று மட்டும் டாக்டரிடம் சொல்லாமல், ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனையில் என்ன எண் வந்தது என்று காட்டுவது முக்கியம்.

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்

புரிவதற்காக ஒரு கற்பனை உதாரணம். பாபநாசம் பக்கத்துக் கிராமம். பெண்ணுக்கு வயது 33, கணவருக்கு 37. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் நெய் வாங்கிச் சாப்பிட்டாயிற்று. இரண்டு வருடத்தில் மூன்று முறை, ஒவ்வொன்றாக ஐந்தாம் நாள் கரு வைத்தாயிற்று. மூன்றும் 4AA அல்லது 4AB. மூன்று முறையும் பீட்டா எச்.சி.ஜி நெகட்டிவ். இன்னும் இரண்டு கரு உறைநிலையில் இருக்கிறது.

இவர்கள் அந்த 60 சதவீத எல்லையைத் தாண்டிவிட்டார்கள். நான்காவது கருவை வைப்பதற்கு முன் நிறுத்தி, தேடுவதில் அர்த்தம் இருக்கிறது.

முதல் படி: பழைய ஃபைல்

புதிய பரிசோதனை எழுதுவதற்கு முன், அனுபவமுள்ள டாக்டர் பழைய ஃபைலைத்தான் கேட்பார். கரு வைத்த அன்று கருப்பை உள்சுவர் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருந்தது? 7 மி.மீ.க்குக் குறைவு என்றால் அது ஒரு தடயம். புரோஜெஸ்டிரோன் மாத்திரை, ஊசி சரியான நாளில் தொடங்கப்பட்டதா? ரத்தத்தில் அதன் அளவு போதுமான அளவு இருந்ததா? கரு வைக்கும்போது குழாய் உள்ளே போகச் சிரமப்பட்டதா, ரத்தம் வந்ததா? இதெல்லாம் அந்த ஃபைலில் இருக்கும்.

பிறகு சில ரத்தப் பரிசோதனைகள். தைராய்டு, ரத்தம் உறைதலோடு தொடர்புடைய ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி, கணவன் மனைவி இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை. கடைசியாகச் சொன்னது ஏன் இருவருக்கும்? ஒருவரின் குரோமோசோமில் ஒரு துண்டு இடம் மாறி ஒட்டியிருக்கலாம். அவருக்கு உடம்பில் எந்தப் பிரச்சினையும் தெரியாது. ஆனால் கருவுக்குப் போகும்போது கணக்கு தப்பிவிடும். இது ஆணுக்கும் இருக்கலாம், பெண்ணுக்கும் இருக்கலாம்.

நம் உதாரணத் தம்பதிக்கு இவை எல்லாம் நார்மல். உள்சுவரும் மூன்று முறையும் 8 மி.மீ.க்கு மேல்.

இரண்டாம் படி: கருப்பையும் குழாயும்

அடுத்து ஸ்கேன், தேவைப்பட்டால் ஹிஸ்டரோஸ்கோப்பி. அதாவது மெல்லிய கேமராவைக் கருப்பைக்குள் விட்டு நேரில் பார்ப்பது. உள்சுவரில் பாலிப், உள்ளே துருத்தும் ஃபைப்ராய்டு கட்டி, நடுவில் தடுப்புச் சதை, பழைய சுத்திகரிப்பால் வந்த ஒட்டுகள் ஆகியவற்றைத் தேடுவார்கள்.

நம் உதாரணத்தில் ஸ்கேன் வேறொன்றைக் காட்டுகிறது. வலது பக்கக் கருக்குழாய், முனை அடைபட்டு நீர் கோத்து, தொத்திறைச்சி போல வீங்கியிருக்கிறது. இதற்கு ‘ஹைட்ரோசால்பின்க்ஸ்’ என்று பெயர்.

‘ஐ.வி.எஃப்-ல குழாய்க்கு வேலையே இல்லையே?’ என்று கேட்கலாம். கருவை நேராகக் கருப்பையில் வைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் குழாயில் தேங்கிய நீர் வெளியே போக வழியில்லாமல் கருப்பைக்குள் திரும்பி வடிகிறது. அது கருவைப் பாதிக்கலாம், பதியும் முன் அலசித் தள்ளவும் செய்யலாம். இந்தக் குறை இருந்தால் ஐ.வி.எஃப் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிய வந்திருக்கிறது. அந்தக் குழாயை லேப்ராஸ்கோப்பி மூலம் அகற்றினால், அல்லது கருப்பையோடு சேரும் இடத்தில் கிளிப் போட்டு அடைத்தால் வாய்ப்பு மீண்டும் உயர்கிறது. தொடர் தோல்வியில் ‘கண்டுபிடித்தால் சரிசெய்யலாம்’ என்று உறுதியாகச் சொல்லக்கூடிய சில காரணங்களில் இது ஒன்று. நீர் குறைவாக இருக்கும் நாளில் ஸ்கேனில் தவறிப்போகவும் வாய்ப்பு உண்டு.

ஆனால் குழாயை வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. 33 வயதில் குழாய் ஏன் அடைபட்டது?

மூன்றாம் படி: நம் நாட்டில் மறக்கக் கூடாத காரணம்

கருக்குழாய் அடைப்புக்குப் பல கிருமிகள் காரணமாகலாம். இந்தியாவில் அந்தப் பட்டியலில் காசநோயைச் சேர்க்காமல் விட முடியாது. டி.பி. என்றாலே இருமல், சளி, நுரையீரல் என்றுதான் நினைக்கிறோம். நுரையீரலில் இருந்து ரத்தம் வழியாகப் போய், கருக்குழாயில் பல வருடம் சத்தமில்லாமல் தங்கும் வகையும் உண்டு. பெரும்பாலும் முதலில் அடிபடுவது குழாய்தான். பிறகு கருப்பை உள்சுவருக்கும் பரவலாம்.

சிக்கல் என்னவென்றால், பலருக்கு அறிகுறியே இருக்காது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, நெஞ்சு எக்ஸ்-ரேயும் சுத்தமாக இருக்கலாம். சிலருக்கு மாதவிடாய் வரவரக் குறையும், அடிவயிறு வலிக்கும். குழந்தை இல்லை என்று பரிசோதிக்கப் போகும்போதுதான் பலருக்கு வெளியே வருகிறது.

கண்டுபிடிக்க, கருப்பை உள்சுவரில் இருந்து சின்னத் துண்டு எடுத்து அனுப்புவார்கள். பெரும்பாலும் மாதவிடாய்க்குச் சற்று முன். இந்த இடத்தில்தான் ஒரு சின்னத் தவறு மொத்தப் பரிசோதனையையும் வீணாக்குகிறது. எடுத்த சதையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதி ஃபார்மலின் பாட்டிலில் போய், மைக்ராஸ்கோப்பில் திசுவைப் பார்க்கப் பயன்படும். இன்னொரு பகுதி சலைன் நீரில் போக வேண்டும். அதில்தான் சிபிநாட் எனும் மூலக்கூறு பரிசோதனையும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் செய்வார்கள். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் செய்யவே முடியாது. ‘டி.பி.க்கும் அனுப்புறீங்களா, சலைன்லயும் எடுத்தீங்களா?’ என்று நோயாளி கேட்பதில் தப்பே இல்லை.

கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம் வரை ஆகலாம். இந்த நோயில் கிருமி மிகக் குறைவாக இருப்பதால், சிபிநாட் நெகட்டிவ் என்றாலும் நோய் இல்லை என்று முழுதாகச் சொல்ல முடியாது. மறுபக்கம், சாதாரண பி.சி.ஆர் பரிசோதனை பாசிட்டிவ் வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து ஆறு மாத மருந்தைத் தொடங்குவதும் சரியல்ல. இறந்த கிருமியின் துணுக்கு, ஆய்வகக் கலப்படம் ஆகியவற்றாலும் அது பாசிட்டிவ் காட்டும். திசு அறிக்கை, கல்ச்சர், சிபிநாட், லேப்ராஸ்கோப்பியில் கண்ணால் கண்டது எல்லாவற்றையும் சேர்த்து வைத்தே முடிவெடுப்பார்கள்.

இதே திசுத் துண்டில் இன்னொன்றையும் பார்க்கலாம். சாதாரண பாக்டீரியாக்களால் உள்சுவரில் நீடிக்கும் மெல்லிய அழற்சி. ‘சிடி138’ என்ற சாயம் போட்டுப் பார்த்தால், அங்கே இருக்கக் கூடாத பிளாஸ்மா செல்கள் தெரியும். இருந்தால், பொதுவாக இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்து மறுபடி பரிசோதிப்பார்கள். எத்தனை செல் இருந்தால் நோய் என்பதில் உலகம் முழுக்க ஒரே அளவுகோல் இன்னும் வரவில்லை. எனவே ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறலாம்.

மருந்து தொடங்கினால் கரு என்னாகும்?

நம் உதாரணப் பெண்ணுக்கு திசு அறிக்கையில் காசநோய்க்கே உரிய ‘கிரானுலோமா’ தெரிகிறது, சிபிநாட்டும் பாசிட்டிவ். கிருமி வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் வகை. இனி ஆறு மாத சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. ஆறு மாதம் போதுமா, ஒன்பது மாதம் தேவையா என்று டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஆறு மாதமே போதும் என்று தெரிந்தது.

இந்த மருந்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. தனியார் மையத்தில் கண்டுபிடித்தாலும், தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வரும்.

ஆறு மாதத்தில் உறைநிலைக் கரு கெட்டுப்போகுமா என்ற பயம் வேண்டாம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கும் கருவுக்கு வயது ஏறாது. அவசரப்பட்டு நோயோடு கருவை வைப்பதில்தான் நஷ்டம்.

மருந்து முடிந்ததும் மறுபடி ஹிஸ்டரோஸ்கோப்பி. உள்ளே ஒட்டு இருந்தால் விடுவிப்பார்கள். வீங்கிய குழாயை அகற்றுவார்கள் அல்லது கிளிப் போடுவார்கள். டி.பி. வந்த வயிற்றில் குடலும் குழாயும் ஒட்டிக் கிடக்கலாம் என்பதால், அகற்றுவதைவிட கிளிப் போடுவது சில நேரம் பாதுகாப்பானது. அதன் பிறகே நான்காவது கரு.

இதற்கு ஒரு வரம்பும் இருக்கிறது. மருந்து கிருமியைக் கொல்லும், அழிந்துபோன உள்சுவரைத் திருப்பித் தராது. நோய் முற்றி, உள்சுவர் தழும்பாகி, மாதவிடாயே நின்றுபோன நிலையில் கண்டுபிடித்தால், அந்தக் கருப்பையில் கரு பதிவது மிகக் கடினம். அப்போது 2021 வாடகைத்தாய் சட்டத்தின் கீழ் உள்ள வழி அல்லது தத்தெடுப்பு பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். முதல் தோல்விக்கும் ஐந்தாவது தோல்விக்கும் நடுவில் கழியும் வருடங்கள் இதனால்தான் முக்கியம்.

எல்லாம் நார்மல் என்றால்?

தேடியும் எதுவும் கிடைக்காத தம்பதிகள்தான் அதிகம். அவர்களுக்கு மறுபடியும் கருவுக்குள் பார்க்கும் கேள்வி வருகிறது. பி.ஜி.டி-ஏ என்ற பரிசோதனையில் கருவின் வெளிப்பகுதியில் இருந்து சில செல்களை எடுத்து, குரோமோசோமை எண்ணிப் பார்க்கலாம். இது கருவைச் சரிசெய்யாது. இருப்பதில் எதை வைக்கலாம் என்று தேர்ந்தெடுக்க மட்டும் உதவும். ஆணா பெண்ணா என்று இதில் கேட்பதும் சொல்வதும் சட்டப்படி குற்றம்.

குரோமோசோம் சரியாக உள்ள கருக்களை ஒவ்வொன்றாக வைத்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவு 2021-ல் வெளியானது. மூன்று முறைக்குள் குழந்தை பெறும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் என்று அதில் கணக்கிட்டார்கள். மூன்று முறை வைக்க அப்படிப்பட்ட கரு எல்லோருக்கும் கிடைக்காது என்பது இதில் உள்ள சிக்கல். ஆனாலும் அது சொல்லும் செய்தி தெளிவு: கரு உண்மையிலேயே நன்றாக இருந்தால், ‘ஏற்காத கருப்பை’ என்பது மிக அரிது.

எதற்குப் பணம் கொடுக்கும் முன் யோசிக்கணும்?

தொடர் தோல்வியில் மனம் உடைந்தவர்களிடம் ‘ஆட்-ஆன்’ சிகிச்சைகள் நிறையப் பேசப்படுகின்றன. அவற்றில் மூன்றைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

உள்சுவரை லேசாகச் சுரண்டிவிட்டால் கரு ஒட்டும் என்பது ஒன்று. 2019-ல் 1,364 பெண்களிடம் நடந்த ஆய்வில், சுரண்டியவர்கள், சுரண்டாதவர்கள் இரு தரப்பிலும் குழந்தை பிறந்தது ஒரே 26.1 சதவீதம்.

கரு வைக்க ‘சரியான மணி நேரம்’ சொல்லும் ‘எரா’ பரிசோதனை இன்னொன்று. 2022-ல் வந்த ஆய்வில், அதன்படி நேரம் மாற்றி வைத்தவர்களில் 58.5 சதவீதம் பேருக்கும், வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. பலன் இல்லை.

‘உடம்பு கருவை எதிர்க்குது’ என்று ஸ்டீராய்டு கொடுப்பது மூன்றாவது. 2022-ல் சீனாவில், தொடர் தோல்வி கண்ட 715 பெண்களிடம் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு 37.8 சதவீதம், வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 38.8 சதவீதம். ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் குறைப்பிரசவம் கூடுதலாக இருந்தது.

அடுத்த முறை போகும்போது...

2021 கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டப்படி, சிகிச்சையின் நன்மை, ஆபத்து, செலவு ஆகியவற்றை மையம் தம்பதிக்கு விளக்கியே ஆக வேண்டும். மையம் மாறுவதாக இருந்தால், ‘கிரேடு நல்லது’ என்ற வாய்வார்த்தை போதாது. ஒவ்வொரு முறையும் வைத்த கருவின் கிரேடு, எத்தனையாம் நாள் கரு, உள்சுவரின் தடிமன், பீட்டா எச்.சி.ஜி எண், கருப்பைத் துண்டு எடுத்திருந்தால் அதன் அறிக்கை ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதோடு இரண்டு கேள்விகள்: “குழாயில் நீர் கோத்திருக்கான்னு பார்த்தீங்களா? டி.பி.க்குப் பரிசோதனை பண்ணீங்களா?” இரண்டுக்கும் பதில் ‘ஆமாம், இல்லைன்னு தெரிஞ்சாச்சு’ என்றால்தான் அடுத்த கருவைப் பற்றிப் பேச்சு.